சீட்டாட்டத்துக்கு ஓர் அழைப்புக் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பண்டிகைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தங்களை எப்படிக் கவனிப்பது என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கே தங்க வைப்பது, எங்கெல்லாம் கூட்டிப்போவது என்று விவரமாக இருந்தது. எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு ஆளுக்கொரு போனில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார்களே, அந்தச் சாயங்காலத்துக்கு வழி சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சீட்டுக்கட்டுதான். காசு வைக்காத சீட்டு.

போன தடவை பெரியப்பா மகனையும் சித்தி மகளையும் நான் அழைத்தது ஒரே வரியில்: "வந்ததும் ஒருநாள் சாயங்காலம் சீட்டு ஆடலாம்." அவர்கள் வந்திறங்கிய மறுநாளே உட்கார்ந்தோம். ஏழு மணிக்குப் பாதிப் பேர் தூக்கத்தில் ஆடினார்கள். மீதிப் பேர் சண்டை போட்டார்கள். 'கழுதை' எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம்தான், ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கழுதையும் வேறு. எங்களுக்கு ஆட்டம் வலப்பக்கம் போகும், அவர்களுக்கு இடப்பக்கம். வெட்டினால் சீட்டை அள்ளுவது யார் என்பதிலும் வழக்கு. எட்டு வயது மருமகன் கடைசியில் கையிலிருந்ததை வீசிவிட்டு எழுந்து போனான். அவன் மேல் தப்பே இல்லை, அவனுக்கு விதி மூன்று தடவை மாறியிருந்தது.

அதனால் இந்த வருஷம் விதியையும் சேர்த்து அழைப்பாகவே எழுதி அனுப்பினேன். வேறு வீடுகளுக்கும் உதவும் என்று அதை அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள அண்ணா, அண்ணி, தங்கச்சி, பிள்ளைகளுக்கு,

நீங்கள் வந்து மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குச் சீட்டு. முதல் இரண்டு நாள் தூங்கிக்கொள்ளுங்கள், யாரும் எழுப்ப மாட்டோம். எட்டரைக்கு முடித்துவிடுவோம். காசு கிடையாது.

முதல் அரை மணி நேரம் சின்னதுகளுக்கு. ஒரே எண் உள்ள சீட்டுகளில் பத்து ஜோடியை எடுத்து, இருபதையும் கவிழ்த்துப் பரப்புவோம். ஒருவர் இரண்டு சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம். ஜோடி சேர்ந்தால் எடுத்துக்கொண்டு மறுபடி ஆடலாம், சேராவிட்டால் இருந்த இடத்திலேயே கவிழ்க்க வேண்டும். முழுக் கட்டையும் பரப்பினால் ஐந்து வயதுக்குத் தாங்காது. இருபது என்றால் பெரியவர்களைத் தோற்கடித்துவிடுவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

பிறகு கழுதை. நம் வீட்டு விதி இதுதான். 52 சீட்டையும் பங்கு போட்டுவிடுவோம், ஒருவருக்கு ஒன்று கூடக் குறைய வந்தால் பரவாயில்லை. இஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர் அதை இறக்கி ஆரம்பிக்க வேண்டும். ஆட்டம் வலப்பக்கம் போகும். இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். எல்லோரும் அதே இனம் போட்டால் அந்தப் பிடி ஓரமாகப் போய்விடும், பெரிய சீட்டு போட்டவர் அடுத்து இறங்குவார். இனம் இல்லாதவர் வேறு எதையாவது போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்ததும் பிடி அங்கேயே நின்றுவிடும். இறங்கிய இனத்தில் பெரிய சீட்டு போட்டவர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு அடுத்து இறங்க வேண்டும். வெட்டியவர் அள்ள வேண்டியதில்லை. முதல் பிடி மட்டும் விலக்கு: வெட்டு விழுந்தாலும் அது ஓரமாகத்தான் போகும், ஆஸ் போட்டவரே மறுபடி இறங்குவார். கையைக் காலி செய்தவர் தப்பித்தார். கடைசியில் சீட்டோடு இருப்பவர் தோற்றார்.

ஓர் உதாரணம். நான் டைமன் ஏழு இறக்குகிறேன். அண்ணா டைமன் பத்து, தங்கச்சி டைமன் ராணி போடுகிறார்கள். அடுத்து அண்ணி கையில் டைமனே இல்லை, கையைக் கனக்க வைக்கும் கிளாவர் ராஜாவைப் போட்டு வெட்டுகிறார். கிளாவர் ராஜா எவ்வளவு பெரிதானாலும் கணக்கில் வராது. ராணி போட்ட தங்கச்சிதான் நான்கையும் அள்ள வேண்டும்.

தோற்றவரைக் கழுதை என்று கூப்பிடுவது இந்தத் தடவை கிடையாது. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைத்துப் போடுவதுதான் தண்டனை."

அந்தக் கடைசி வரிக்கு எங்கள் மாமாவிடமிருந்து எதிர்ப்பு வந்தது, கழுதை இல்லாமல் என்ன கழுதை ஆட்டம் என்றார். நாற்பது வருஷமாக நம்மை நாமே அப்படிக் கூப்பிட்டுச் சிரிக்கிறோம், சரி. வருஷத்துக்கு ஒருமுறை வரும் பிள்ளைக்கு அது சிரிப்பாக இருக்காது. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடிதத்தில் எழுதாமல் விட்ட சூட்சுமம் ஒன்று உண்டு. ஆறு பேர் ஆடினால் ஓர் இனம் முதல் சுற்று போகும்போதே ஆறு சீட்டு வெளியே போய்விடும். இரண்டாவது சுற்றும் வெட்டில்லாமல் முடிய மொத்தம் பன்னிரண்டு வேண்டும், இருப்பதோ பதின்மூன்று. அப்படிச் சமமாக எல்லோர் கையிலும் விழுவது அபூர்வம். ஆகவே இரண்டாம் தடவை அதே இனம் இறங்கினால் வெட்டு விழும் என்றே வைத்துக்கொள்ளலாம். ராஜா, ராணியையெல்லாம் முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்று என்று சின்னதை வைத்துக்கொள்பவர்தான் தப்புவார். இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. மூன்றாவது ஆட்டத்தில் அவர்களே கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் கமுக்கமாக வைத்துக்கொள்ளும் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆள் கூடிவிட்டால் ஒரே வட்டமாக உட்காராதீர்கள். பதினொரு பேருக்கு ஒரு கட்டைப் பங்கு போட்டால் கைக்கு நான்கைந்து சீட்டுதான், ஆரம்பித்த வேகத்தில் முடிந்துவிடும். இரண்டு வட்டம், இரண்டு கட்டு என்று பிரித்துக்கொண்டால் ஆறு பேர் வட்டத்தில் கைக்கு எட்டோ ஒன்பதோ வரும். அதிலும் ஒரு சிக்கல்: சின்ன விரலுக்கு ஒன்பது சீட்டை விசிறியாகப் பிடிக்க வராது, பாதி கீழே விழும், பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார். துணி துவைக்கும் பிரஷ் புதிதாக ஒன்று வாங்கி, மயிர்ப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சீட்டுகளை நடுவே செருகிக் கொடுத்தேன். அசையாமல் நிற்கிறது. கை நடுங்கும் பெரியம்மாவும் தனக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடிதம் போய்ச் சேர்ந்த மறுநாள் மருமகன் போனில் கூப்பிட்டான். "அத்தை, என்கிட்ட ஒரே ஒரு சீட்டு இருக்கு. அதைப் போட்டு நானே பெரிய சீட்டுன்னு வெச்சுக்கோங்க, யாரும் வெட்டலை. அடுத்து நான்தான் இறங்கணும், ஆனா கையில ஒண்ணும் இல்லையே?"

இத்தனை வருஷம் ஆடியும் நான் எழுத மறந்த விதி. சில வீடுகளில் ஓரமாகப் போன சீட்டிலிருந்து ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அவர் தப்பித்துவிடுவார், வலப்பக்கத்தவர் இறங்குவார். அதைச் சொன்னேன். "அப்போ அதையும் எழுதி அனுப்புங்க, அப்பா நம்ப மாட்டார்" என்றான். அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி