மேசைக் கணக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

மண்டபப் படமும் ஆட்களின் பட்டியலும் வட்ஸ்அப்பில் வந்திருக்கும். தம்பியின் வரவேற்புக்கு மேசை ஒழுங்கை மெல்பேர்ணில் இருந்தே கணினியில் போட்டுத் தருகிறேன் என்றாய். சரி, நீயே போடு. ஆனால் படத்தில் உள்ளதை அப்படியே பார்த்துக் கீறிவிடாதே. அது மண்டப முகாமையாளர் எங்களோடு கதைத்துக்கொண்டே பேனையால் கீறித் தந்த தாள். எது எங்கே இருக்கிறது என்று அதில் தெரியும். எவ்வளவு இடம் என்பது தெரியாது.

அவர் வாசலில் நின்று பார்ப்பதுபோலக் கீறினார். அப்பா எதிர்ப்பக்கம் இருந்து படம் எடுத்ததால் உனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். கீழே தெரிகிற நீள்பெட்டிதான் மேடை. முதலில் படத்தைத் திருப்பிவிடு, இல்லையென்றால் இடச்சுவர் வலச்சுவராகி, மாப்பிள்ளை வீட்டாரும் பொம்பிளை வீட்டாரும் பக்கம் மாறி இருப்பார்கள். இன்னொன்று, அப்பா போனைச் சரித்துப் பிடித்திருக்கிறார். அதனால் வாசல் பக்கத்து வட்டங்கள் சின்னதாகவும் நெருக்கமாகவும் தெரிகின்றன. எல்லா மேசையும் ஒரே அளவுதான், குறுக்கே ஐந்தடி. நடுவில் குறுக்குக்கோடு போட்ட இரண்டு கட்டங்களும் மேசை இல்லை, தூண்கள். தூணுக்குப் பின்னால் இருப்பவருக்கு மேடை தெரியாது, அங்கே வயதானவர்களைப் போடாதே.

தாளில் மொத்தம் 22 வட்டங்கள். அவற்றில் 5 இடச்சுவரோரம் வரிசையாக இருக்கின்றன. அதைப் பார்க்கவே எனக்குச் சந்தேகமாக இருந்ததால் அப்பாவைக் கொண்டு அந்தச் சுவரை நாடாவால் அளக்கச் சொன்னேன். 46 அடி. இப்போது கணக்குப் பார். மேசைக்கு மேசை ஐந்தடி இடைவெளி வேண்டும். இரண்டு பக்கமும் கதிரையை இழுத்து ஆட்கள் இருந்த பிறகு, பரிமாறுபவர் தட்டோடு நடுவால் போக வேண்டுமே. ஐந்து மேசைக்கு 25 அடி, நடுவில் நான்கு இடைவெளிக்கு 20 அடி, இரு கரையிலும் கதிரைக்கு இரண்டரை அடி வீதம் 5. ஆக 50. சுவர் போதாது. அதுவும் அந்தச் சுவரின் வாசல் பக்க முடிவில் சமையலறைக் கதவு வேறு இருக்கிறது. நான்கு மேசை என்றால் 40 அடியில் முடிந்து கதவுக்கு 6 அடி மிஞ்சும். ஆகவே இடப்பக்கம் நான்குதான், மொத்தம் 21. மற்ற வரிசைகளையும் அப்பா அளந்துவிட்டார், அங்கே பிரச்சினை இல்லை.

ஒரு மேசைக்குப் பத்துப் பேர் என்று முகாமையாளர் சொல்வார். ஐந்தடி மேசையில் பத்துப் பேர் இருந்தால் முழங்கை முட்டும், பட்டுச் சேலையோடு எழும்பவும் முடியாது. எட்டு என்றே வை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற மேசையில் ஒன்பது போகலாம்.

இனிப் பட்டியலுக்கு வா. அதில் ஆட்களை ஆளாக எண்ணாதே, குடும்பமாக எண்ணு. "குடும்பமாக" என்று மட்டும் எழுதியிருக்கிற இடத்தில் எத்தனை பேர் என்று நான் போன் எடுத்துக் கேட்டு, சிவப்புப் பேனையால் இலக்கம் போட்டிருக்கிறேன். கைக்குழந்தைக்கு உயரக் கதிரை வைத்தாலும் அது ஒரு ஆளின் இடத்தைப் பிடிக்கும், அதனால் குழந்தைகளையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன். அப்பாவின் வேலையிடத்துப் பட்டியலிலும் உறவுப் பட்டியலிலும் வருகிற இரண்டு குடும்பங்களுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்திருக்கிறேன், இரண்டு தரம் போட்டுவிடாதே. மொத்தம் 150 பேர். மேடையில் இருக்கப்போகிறவர்கள் இதில் இல்லை.

பெரிய குடும்பங்களை முதலில் வை. சின்னக் குடும்பங்களையும் தனி ஆட்களையும் மிஞ்சிய இடங்களில் நிரப்பலாம். தனி ஆட்களை முதலில் பரப்பிவிட்டால் கடைசியில் ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு மேசையும் இராது.

பெரியம்மா வீட்டை எடுத்துக்கொள். 11 பேர். அவவும் பெரியப்பாவும் 2, மகள் குடும்பம் 4, மகன் குடும்பம் 5. எட்டை ஒரு மேசையில் போட்டு மூன்று பேரை வேறெங்காவது தள்ளினால், அந்த மூன்று பேரும் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் குடும்பம் எங்கே பிரிகிறதோ அங்கேயே பிரி. பெரியவர்கள் இரண்டு பேரும் மகள் குடும்பமும் ஒரு மேசை, 6. மகன் குடும்பம் பக்கத்து மேசை, 5. முதல் மேசையில் மிஞ்சும் இரண்டு இடத்துக்கு அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனும் மனைவியும் சரி, பெரியப்பாவுக்கு அவரோடு ஊர்க்கதை கதைக்கலாம். இரண்டாவதில் சின்னம்மாவின் மகள் குடும்பம் 3 பேர், அவர்களின் பிள்ளையும் பெரியம்மாவின் பேரப்பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம். இரண்டு மேசையும் எட்டெட்டாக நிரம்பும். அவை ஒரே வரிசையில் அடுத்தடுத்து இருக்க வேண்டும், நடுவில் நடைபாதை வந்தால் அது இரண்டு வீடாகிவிடும்.

எல்லாக் குடும்பமும் இப்படி அழகாகப் பொருந்தாது. ஏழோடு நிற்கிற மேசையை அப்படியே விடு, ஒரு இடத்தை நிரப்ப முன்பின் தெரியாதவரைக் கொண்டுபோய் வைக்காதே. 20 மேசையில் 160 இடம், நமக்கு 150 பேர், அந்தப் பத்து இடமும் இதற்குத்தான். 21ஆவது மேசை வாசலடியில் வெறுமையாகவே இருக்கட்டும். அறிவிக்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள், யாரென்று உனக்கே தெரியும்.

காணி விஷயத்தில் கதை பேச்சில்லாத அந்த இரண்டு வீட்டையும் தூரத் தூர வைத்தால் போதும் என்று நினைக்காதே. எங்கள் ஆட்கள் தங்கள் மேசையில் இருந்து மேடை எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். ஒருவர் இரண்டாம் வரிசையிலும் மற்றவர் ஐந்தாம் வரிசையிலும் இருந்தால் அது புதுச் சண்டை. இருவரையும் மூன்றாம் வரிசையிலேயே போடு, ஒருவர் இடக்கரை, மற்றவர் வலக்கரை. மாமா குடும்பம் முதல் வரிசை, அதில் மாற்றம் இல்லை. தாய்மாமனைப் பின்னால் வைத்தால் நான் என் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அம்மம்மாவின் சக்கர நாற்காலிக்கு முதல் வரிசையில் நடைபாதைப் பக்கமாக ஒரு கதிரையை எடுத்துவிடச் சொல். பாட்டுப் போடுகிற பெட்டிகள் மேடையின் வலப்பக்கம் வரும், படத்தில் அவர் அதைக் கீறவில்லை. அதனால் அம்மம்மாவை இடப்பக்கமாகவே வை.

வாசலில் தொங்கவிடுகிற பலகையை மேசை வாரியாக எழுதாதே. ஒருவர் தன் பெயரைத் தேட இருபது மேசையையும் வாசிக்க வேண்டி வரும், பின்னால் வரிசை நீளும். பெயர் அகரவரிசையில், பக்கத்தில் மேசை இலக்கம், குடும்பத்துக்கு ஒரு வரி. பட்டியலில் நான் எழுதியிருப்பது வீட்டுப் பெயர்கள். "மணி மாமா" என்று போட்டால் குறைந்தது மூன்று பேர் அந்த மேசைக்குப் போய் நிற்பார்கள். அழைப்பிதழ் உறையில் எழுதிய பெயர்களை அப்பா தனியாக அனுப்புவார், அதையே எடு.

பொம்பிளை வீட்டுப் பட்டியலில் ஒன்பது பேர் உள்ள ஒரு குடும்பம் இருக்கிறது, அவர்களை எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சம்பந்தியம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன். அதுவரை வலப்பக்கம் இரண்டாம் வரிசையில் அடுத்தடுத்த இரண்டு மேசையை விட்டுவைத்து மற்றதைப் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அம்மா
ரொறன்ரோ