கணக்கு சாரின் பணி ஓய்வுக்கு ஒரு படவரிசை

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். நம் கணக்கு சார் மே 31 அன்று பள்ளியிலிருந்து விடைபெறுகிறார். அவருக்கு அறுபது வயது ஜனவரியிலேயே நிறைந்துவிட்டது. ஆனாலும் ஆண்டின் நடுவில் பாடம் தடைபடாமல் இருக்க ஆசிரியர்களுக்கு வழங்கப்படும் மறுநியமனத்தில் இத்தனை மாதங்களும் வகுப்பெடுத்து வந்தார். பழைய மாணவர்களின் நினைவுகளைத் தொகுத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் படவரிசையாக இன்ஸ்டாகிராமில் வெளியிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அதைச் செய்யும் பொறுப்பை நான் விரும்பி ஏற்றுக்கொண்டேன்.

குழுவில் முதலில் வந்து குவிந்தவை எல்லாம் 'கண்டிப்பானவர், அன்பானவர், எங்களுக்கு இன்னொரு தந்தை' என்ற வகையிலேயே இருந்தன. அவற்றில் பொய் ஏதுமில்லை என்றாலும், எந்த ஊரின் எந்த ஆசிரியருக்கும் அவை பொருந்தும். அதனால் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, சார் செய்த ஒரு செயலை, எந்த இடத்தில், யார் முன்னால் செய்தார் என்பதோடு சொல்லுமாறு கேட்டேன். அதன் பிறகுதான் சார் கண்முன் வரத் தொடங்கினார்.

நமக்கு மூத்த பிரிவில் படித்து இப்போது தச்சு வேலை செய்யும் ஒருவர் நீண்ட குரல் பதிவு அனுப்பினார். அதில் தன் தொழில், குடும்பம், சாரின் குணம் என்று பலவற்றைச் சொல்லிவிட்டு, முடிவில் போகிற போக்கில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டார். மற்ற அனைத்தையும் விட்டுவிட்டு அதை மட்டும் அவருடைய சொற்களிலேயே எடுத்துக்கொண்டேன். எழுதியதைத் தொலைபேசியில் படித்துக் காட்டியபோது, "அடி இல்லை, முழம்" என்று திருத்தினார். இப்போது அந்தப் படத்தில் இருப்பது இவ்வளவுதான்:

"சத்துணவுக் கூடத்துக்கு வானம் தோண்டிய இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். கயிற்றில் மூன்று முழம், நான்கு முழம், ஐந்து முழம் அளந்து முடிச்சுப் போட்டு, மூன்று பேரை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். மூலை செங்கோணமாக நின்றது. இன்றும் கதவு நிலை வைக்கும்போது அப்படித்தான் பார்க்கிறேன்."

இதில் சாரைப் பாராட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பிதாகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையோடு விட்டுவிடாத மனிதர் அவர் என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும். ஏறத்தாழ முப்பது சொற்களுக்கு மேல் போனால் கைப்பேசித் திரையில் எழுத்து சிறுத்துவிடுவதால், எல்லா நினைவுகளையும் இந்த அளவிலேயே நிறுத்துகிறேன். ஒரு நினைவில் மட்டும் சார் தேர்வுக் கட்டணம் கட்டிய வேறொரு மாணவரின் பெயர் இருந்தது. அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். பெயரில்லாமல் வெளியிடலாம் என்று இசைந்தார். அதற்கு முன் அதைத் தொடுவது முறையன்று என்றே எனக்குப் பட்டது.

ஒரு பதிவில் இருபது படங்கள் வரை சேர்க்கலாம் என்றாலும் பத்தோடு நிறுத்தப்போகிறேன். அதற்கு மேல் யாரும் பொறுமையாகத் தள்ளிப் பார்ப்பதில்லை. முதல் படத்தின் வடிவமே மற்றவற்றுக்கும் அமைந்துவிடும் என்பதால், அனைத்தையும் 1080க்கு 1350 புள்ளிகள் என்ற ஒரே அளவில் செய்கிறேன். முதல் படத்தோடு கடந்து சென்றவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் இரண்டாவதைக் காட்டுவதுண்டு. எனவே சாரின் புகைப்படத்துக்கு அடுத்து கயிற்று நினைவை வைத்திருக்கிறேன்.

படங்களைப் பக்குவப்படுத்துகையில் தமிழ் எழுத்துதான் அதிக நேரம் வாங்கியது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் எழுத்துக்கான அமைப்பை உலக மொழிகளுக்கு உரியதாக மாற்றாவிட்டால், 'கொ'வின் கொம்பு இடம்மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டி அனுப்பியவர்களின் வரிகள் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக வந்ததால், அவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வரிகளையும் கையாலேயே மடிக்கிறேன். தானாக மடித்தால் நீண்ட சொற்கள் கண்ட இடத்தில் உடைகின்றன.

சாரிடம் இன்ஸ்டாகிராம் கிடையாது. ஆகவே இவற்றை அச்சிட்டும் கொடுக்க வேண்டும். இந்த அளவுப் படத்தை 4க்கு 5 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 270 புள்ளிகள் கிடைத்து எழுத்து தெளிவாக விழும். 8க்கு 10 என்று பெரிதாக்கினால் பாதியாகக் குறைந்து மங்கிவிடும். ஸ்டுடியோவில் வழக்கமாகப் போடுவது 4க்கு 6 தாள் என்பதால், கீழே மிஞ்சும் ஓர் அங்குல வெள்ளையில் அந்தந்த மாணவரே பேனாவால் கையெழுத்திடலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

உன்னுடைய நினைவு இன்னும் வரவில்லை. மடக்கை அட்டவணையை நீ தொலைத்துவிட்டபோது சார் என்ன செய்தார் என்பதை எழுது. அதை உன்னைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. உன் அண்ணனிடம் பத்தாம் வகுப்புக் குழுப் படம் இருந்தால், அதைக் கைப்பேசியில் படமெடுக்காமல் ஸ்கேன் செய்து, மே 20க்குள் மின்னஞ்சலில் அனுப்பிவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடுகிறது.

அன்புடன்,
உன் நண்பன்