ஆடித் தள்ளுபடி டேக்ல கோடு போட்டு அடிக்கிற பழைய விலையை விசாரிக்கச் சொல்லி கலெக்டர் ஐயாவுக்கு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
பொருள்: ஜவுளிக்கடை தள்ளுபடி டேக்ல காட்டுற பொய்யான பழைய விலை பத்தி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 பிரிவு 16ன் கீழ விசாரணை கேட்டு

ஐயா வணக்கம்,

நான் ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் செக்‌ஷன்ல வேலை பார்த்தவ, இப்ப வேலையை விட்டுட்டேன், அதனால டேக் எப்படி அடிக்கிறாங்கன்னு உள்ளேருந்து தெரியும். ஆடி வரப்போகுது, இன்னும் கொஞ்ச நாள்ல ஊரெல்லாம் 50% ஆஃபர் போர்டு தொங்கும், அதுக்கு முன்னாடியே நீங்க இதைப் பார்க்கணும்னுதான் இப்பவே எழுதுறேன்.

போன வருஷம் நடந்ததை முதல்ல சொல்லிடுறேன். வைகாசில எங்க பக்கத்து வீட்டு அக்கா ஒரு சுடிதார் செட் எடுத்தாங்க, பில்லுல 1,050 ரூபாய். அதே கடை, அதே செட்டு, கலர் மட்டும் வேற, ஆடில அவங்க தங்கச்சி எடுத்தப்ப டேக்ல 1,999னு போட்டு அது மேல ஒரு கோடு, கீழ பெருசா 999, பக்கத்துல 50% ஆஃபர்னு இருந்துச்சு. ரெண்டு டேக்கையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா ஐட்டம் கோட் ஒரே நம்பர். 1,999க்கு அந்தத் துணி அந்தக் கடையில ஒரு நாள் கூட வித்ததில்ல, உண்மையில குறைஞ்சது 51 ரூபாய், அதாவது 5% கூட முழுசா வரல. ரெண்டாவது டேக்கோட ஓரத்தை நகத்தால லேசா தூக்கினா அடியில பழைய ஸ்டிக்கர் அப்படியே இருக்கு, அதுல 1,050 தெளிவா தெரியுது.

இது எப்படி நடக்குதுன்னா, கடையே மொத்தமா வாங்கி சொந்த லேபிள் ஒட்டுற துணிக்கு எம்ஆர்பியை முடிவு பண்றதும் அந்தக் கடைதான். பில்லிங் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் எம்ஆர்பிக்கு ஒரு கட்டம், விக்கிற ரேட்டுக்கு ஒரு கட்டம்னு தனித்தனியா இருக்கும். ஆடிக்கு முன்னாடி எம்ஆர்பி கட்டத்துல இருக்கிற விலையை மட்டும் ஏத்திட்டு புது லேபிள் பிரிண்ட் எடுத்து ராத்திரி கடை சாத்தினதுக்கு அப்புறம் உக்காந்து ஒட்டுவாங்க, ரேட் கட்டம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். எம்ஆர்பிங்கிறது அதுக்கு மேல விக்கக்கூடாதுங்கிற உச்ச வரம்புதான், அந்த விலைக்கு யாராவது வாங்கினாங்களாங்கிறதை அது சொல்லவே சொல்லாது, ஆனா கோடு போட்டு அடிச்சு காட்டும்போது வாங்குறவங்க மனசுல நேத்து வரைக்கும் இதுதான் விலைன்னு பதிஞ்சிடுது.

கோடு போட்ட விலை எல்லாமே பொய்னு நான் சொல்லல ஐயா. சைஸ் உடைஞ்சு போன சட்டை, போன தீபாவளில மிஞ்சின ஸ்டாக், இதெல்லாம் மாசக்கணக்கா 800க்கு வித்துட்டு இப்ப 500க்கு குடுத்தா அந்த 800ங்கிறது உண்மை, அதுக்கு பில்லும் இருக்கும். 2025 செப்டம்பர் 22ல ஜிஎஸ்டி குறைஞ்சப்ப ஷாம்பூ, டூத்பேஸ்ட்ல பழைய எம்ஆர்பியை மறைக்காம பக்கத்துல குறைஞ்ச விலை ஸ்டிக்கர் ஒட்டினாங்க, அதுவும் நேர்மையான முறைதான். பாக்கெட் பொருளுக்கான 2011 விதியும் அதைத்தான் சொல்லுது, விலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம் ஆனா கம்பெனி போட்ட எம்ஆர்பியை மூடக்கூடாது, அழிக்கவோ மாத்தவோ கூடாது.

இந்தப் பொய் விலையால அடிபடுறது வாங்குறவங்க மட்டும் இல்ல. அடுத்த தெருவுல ஒரு சின்னக் கடை, அதே மாதிரி செட்டை வருஷம் முழுக்க 1,050க்கு வித்து ஆடிக்கு 10% தள்ளினா 945 ஆகுது, 999ஐ விட 54 ரூபாய் கம்மி. ஆனா போர்டுல 10%னு பார்த்தா யாரு உள்ள போவாங்க, 50% போட்ட கடையிலதான் கூட்டம் நெரியுது. உண்மையைச் சொன்னவரு கடையில ஈ ஓட்டுறாரு, அடுத்த வருஷம் அவரும் வேற வழியில்லாம லேபிளை மாத்துவாரு. இதுதான் எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

சட்டத்துல இதுக்கு இடம் இருக்கு ஐயா. 2019 சட்டத்துல பிரிவு 2(47)ல, ஒரு பொருள் வழக்கமா என்ன விலைக்கு வித்துச்சு, விக்குதுங்கிறதுல ஜனங்களைப் பெருசா ஏமாத்தினா அது நேர்மையற்ற வணிகம்னு இருக்கு. அதோட, இது எங்க கடையில நாங்க வித்த விலைன்னு தெளிவா சொல்லலைன்னா, அந்த விலை மார்க்கெட்ல பொதுவா எல்லா வியாபாரிகளும் வித்த விலையைக் குறிக்கிறதாத்தான் எடுத்துக்கணும்னும் இருக்கு. அப்போ வெறும் கோடு போட்ட 1,999க்கு ரெண்டே வழிதான், ஒண்ணு அந்தக் கடை அந்த விலைக்கு வித்திருக்கணும், இல்லைன்னா மார்க்கெட்ல பொதுவா அந்த விலைக்குப் போயிருக்கணும். இந்த சுடிதாருக்கு ரெண்டும் இல்ல.

குறை என்னன்னா எத்தனை நாள் அந்த விலைக்கு வித்திருக்கணும்னு நம்ம சட்டத்துல கணக்கு இல்ல. ஐரோப்பிய யூனியன்ல 2022 மே 28லேருந்து, தள்ளுபடி அறிவிச்சா அதுக்கு முந்தின 30 நாள்ல இருந்த ஆகக் குறைஞ்ச விலையைத்தான் பழைய விலையா காட்டணும். ஜெர்மனில ஒரு சூப்பர்மார்க்கெட் வாழைப்பழத்துக்கு 1.69 யூரோவை பழைய விலையா காட்டி 1.29க்கு 23% தள்ளுபடின்னு நோட்டீஸ் போட்டுச்சு, ஆனா அந்த 30 நாளுக்குள்ளயே 1.29க்கு வித்திருந்தாங்க, அதையும் கீழ சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க. 2024 செப்டம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் சின்ன எழுத்துல போட்டா பத்தாது, சதவீதக் கணக்கே அந்தக் குறைஞ்ச விலையிலேருந்துதான் போடணும்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல அப்படி ஒரு விதி கொண்டு வர்றது உங்க கையில இல்லைன்னு தெரியும், ஆனா விசாரிக்கும்போது அந்த 30 நாள் அளவை வச்சுப் பார்க்க எந்தத் தடையும் இருக்காதுன்னு நினைக்கிறேன்.

நான் கேக்குறது இதுதான். பிரிவு 16ல நுகர்வோர் கூட்டமா பாதிக்கப்படுற புகாரை விசாரிச்சு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்புற அதிகாரம் உங்களுக்கு இருக்கு, அதை இந்த ஆடிக்குப் பயன்படுத்துங்க. தொழிலாளர் துறை அமலாக்க அதிகாரிங்களை பெரிய ஜவுளிக்கடைகளுக்கு அனுப்பி, 50%னு டேக் போட்ட ஐட்டம்ல சிலதை எடுத்து, அந்த ஐட்டம் கோட் நம்பருக்கு ஆனி மாச விற்பனை பில்லை சாஃப்ட்வேர்லேருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்க. ரொம்ப நேரம் எல்லாம் ஆகாது, ஐட்டம் கோட் நம்பரும் தேதியும் போட்டா நிமிஷத்துல வந்துடும். எம்ஆர்பி எந்தத் தேதியில மாத்துனாங்கன்னும் கேளுங்க, சாஃப்ட்வேர்ல பதிவு இல்லைன்னு சொன்னா பழைய ஸ்டிக்கரை உரிச்சுப் பார்த்தாலே தெரிஞ்சிடும். ஆடி முடிஞ்சதுக்கு அப்புறம் போனா ஸ்டாக்கும் இருக்காது, டேக்கும் இருக்காது, அதனால முதல் வாரத்துலயே போகணும்.

கூடவே, கோடு போட்ட விலைக்குப் பக்கத்துல அது எம்ஆர்பியா இல்ல இந்தக் கடையில வித்த விலையா, எந்த மாசம் வித்ததுன்னு தமிழ்ல எழுதச் சொல்லி கடைக்காரங்க சங்கத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்க. நேர்மையா விக்கிறவங்களுக்கு அந்த ஒரு வரி எழுதுறதுல எந்தக் கஷ்டமும் இல்ல.

வைகாசி பில், ஆடி பில், ரெண்டு டேக்கோட ஜெராக்ஸ் இதோட இணைச்சிருக்கேன். ஒரிஜினல் டேக் கேட்டா நேர்ல கொண்டு வந்து குடுக்குறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்