முதல் அப்படியேதான் இருக்கிறது, இலைதான் குறைகிறது: கொங்கு நாட்டுக் குலதெய்வக் கோயில் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு வணக்கமுங்க.

ஈரோடு, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கோயில் கணக்குகளைப் பார்க்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். அன்னதானக் கட்டளைக்கு என்று பங்காளிகள் கொடுத்து, வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கிற பணத்தைப் பற்றி மட்டுந்தான் பேச வருகிறோம்.

பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கும்போது தவறாமல் வருகிற வாசகம் ஒன்று உண்டு. “முதலில் கை வைக்கவில்லை, வட்டியை மட்டும்தான் செலவு செய்தோம்.” கூட்டமே தலையாட்டும். டெபாசிட் ரசீதிலும் முதல் பைசா குறையாமல் இருக்கும். ஆனாலும் வட்டி முழுவதையும் செலவு செய்தாலே முதலில் கை வைத்த மாதிரிதான். எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

பத்துப் பேர் ஆளுக்கு 1 லட்சம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10 லட்சம். வட்டி 7 விழுக்காடு, ஆண்டுக்கு 70,000 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், காய், சிலிண்டர், சமையல் மாஸ்டர் கூலி எல்லாம் சேர்த்து ஓர் இலைக்கு 70 ரூபாய் ஆகிறது. ஆக 1,000 இலை. கொடுத்தவர் ஒவ்வொருவர் பேரிலும் 100 இலை. இதைத்தான் “ஆண்டுதோறும் 100 பேருக்கு அன்னதானம்” என்று கருங்கல்லில் வெட்டி வைக்கிறோம்.

விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறட்டும். இது மிகைப்படுத்திய எண் இல்லை. 2016 முதல் ரிசர்வ் வங்கிக்கு வைத்திருக்கிற இலக்கே இதுதான். அடுத்த ஆண்டு இலை 72 ரூபாய் 80 காசு. வட்டி அதே 70,000. 961 இலைதான் வரும். ஐந்தாண்டு கழித்து 821. பத்தாண்டு கழித்து 675. பதினெட்டாம் ஆண்டில் ஓர் இலை 142 ரூபாயை நெருங்கும், பந்தியில் 493 பேர்தான் உட்கார முடியும். 72-ஐ விலையேற்ற விழுக்காட்டால் வகுத்தால், பணத்தின் வாங்கும் சக்தி பாதியாக எத்தனை ஆண்டு பிடிக்கும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். 4 என்றால் 18 ஆண்டு, 6 என்றால் 12 ஆண்டு. டெபாசிட் ரசீதில் மட்டும் 10 லட்சம் அப்படியே நிற்கும்.

இது யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் இருக்கிறது. முதல் ஆண்டில் விழுகிற துண்டு 39 இலை, 2,800 ரூபாய். அதை உண்டியலிலோ பொதுக் கணக்கிலோ எடுத்து ஈடுகட்டி விடுகிறோம். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாக எடுப்போம். பந்தி வழக்கம்போல நிறைந்திருப்பதால் கட்டளை நன்றாக நடக்கிறது என்றே எல்லோரும் நினைப்பார்கள். உங்கள் கோயிலில் என்ன நிலவரம் என்று பார்க்கக் கடந்த ஐந்தாறு ஆண்டுப் பேரேட்டை எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அன்னதானத்துக்கு ஆன மொத்தச் செலவையும், அதில் கட்டளை வட்டி கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இலைக் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும் வட்டியின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கினால், நாங்கள் சொல்வது அங்கேயும் நடக்கிறது. அப்படியே மொத்தச் செலவை இலை எண்ணிக்கையால் வகுத்தும் வையுங்கள். தில்லியிலிருந்து மாதாமாதம் வரும் பணவீக்க எண்ணைவிட உங்கள் கோயிலுக்கு அந்த இலை விலைதான் சரியான அளவுகோல்.

பணவீக்கம் இறங்கியதாகச் செய்தி வரும்போது “இனிக் கவலையில்லை” என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். சில்லறைப் பணவீக்கம் 2022 ஏப்ரலில் 7.79 விழுக்காடு, 2025 அக்டோபரில் வெறும் 0.25. எண் இவ்வளவு இறங்கியது என்றால் விலை ஏறுகிற வேகம் தணிந்தது என்றுதான் பொருள். நடுவில் ஏறிய விலை ஏறியதுதான். இழந்த வாங்கும் சக்தி திரும்பி வந்து உங்கள் வட்டியில் ஏறாது.

வழி ஒன்றுதான். வட்டியைப் பிரிக்க வேண்டும். வருகிற 70,000-இல் விலையேற்றத்துக்கு ஈடான 4 விழுக்காட்டை, அதாவது 40,000 ரூபாயை, முதலோடு சேர்த்து 10,40,000 ஆக டெபாசிட்டைப் புதுப்பிக்க வேண்டும். செலவுக்கு 30,000. அடுத்த ஆண்டு வட்டி 72,800 வரும். அதில் 41,600 முதலுக்கு, 31,200 இலைக்கு. இலை விலையும் 72.80 ஆகியிருப்பதால் இரண்டு ஆண்டும் 428 இலை. இருபதாண்டு கழித்தும் 428தான். முதல் என்றால் அதுதானுங்க முதல்.

1,000 இலை போட்ட இடத்தில் 428 என்றால் யாருக்கும் கசக்கும். வட்டி முழுவதையும் செலவழிக்கிற கோயில் 428-க்குக் கீழே இறங்க ஏறக்குறைய 22 ஆண்டு ஆகும். எந்த நிர்வாகக் குழுவும் அவ்வளவு நாள் பதவியில் இருப்பதில்லை. இன்று இலையைக் குறைத்த பழி இந்தக் குழுவுக்கு, அதன் பலன் இன்னும் பேரே தெரியாத ஒரு குழுவுக்கு. இது தள்ளிப்போகக் காரணம் கணக்குத் தெரியாதது இல்லை, இந்தச் சங்கடந்தான் என்பது எங்கள் எண்ணம். ஒரே ஆண்டில் முடியாவிட்டால் முதல் ஆண்டு 10,000, அடுத்த ஆண்டு 20,000 என்று ஏற்றிக்கொண்டே போகலாம்.

செய்யும்போது இரண்டு இடத்தில் தடுமாறும். மூன்று மாதத்துக்கொரு தரம் வட்டி சேமிப்புக் கணக்கில் விழுகிற மாதிரி டெபாசிட் போட்டிருந்தால், ஒதுக்க வேண்டிய பணமும் அங்கே விழுந்து பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் போய்விடும். வட்டியை முதிர்வில் மொத்தமாகத் தருகிற ஓராண்டு டெபாசிட்டாக, திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு முதிர்கிற மாதிரி போடுங்கள். மூன்று மாதக் கூட்டுவட்டியில் 10 லட்சம் 10,71,859 ஆகும். 10,40,000-க்குப் புதுப்பித்துவிட்டு மீதியை மட்டும் வெளியே எடுங்கள். புதுப்பிக்கிற தொகையைத் தீர்மானப் புத்தகத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டால் வங்கிக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் குழப்பம் வராது.

அடுத்தது வருமான வரி. வரிவிலக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளை ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15 விழுக்காட்டைத்தான் கேள்வியில்லாமல் ஒதுக்கலாம். கட்டளை வட்டி மட்டுமே வருமானம் என்றால் 70,000-இல் 10,500தான் அப்படி ஒதுக்க முடியும். ஆனால் 15 விழுக்காட்டைக் கோயிலின் மொத்த வருமானத்தில்தான் கணக்கிடுவார்கள். உண்டியல், பொது நன்கொடை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 3 லட்சம் வந்தால் 45,000 ஒதுக்கலாம், நம் 40,000 அதற்குள் அடங்கிவிடும். தணிக்கையாளரிடம் மார்ச்சுக்கு முன்பே பேசிவிடுங்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 2020-21இல் வங்கி வட்டி 5 விழுக்காட்டுப் பக்கம் இருந்தபோது விலைவாசி 6-ஐத் தாண்டி ஓடியது. அப்படிப்பட்ட ஆண்டில் வட்டி முழுவதையும் முதலில் சேர்த்தால்கூட ஈடாகாது. அந்த ஆண்டுப் பந்தியைத் தலைக்கட்டு வரியிலோ நன்கொடையிலோ நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாகக் கல்வெட்டு. 100 இலையை நிரந்தரமாகப் போட இன்றைய கணக்கில் 1 லட்சம் பற்றாது, 2,34,000 ரூபாயாவது வேண்டும். கும்பாபிஷேகத்துக்குக் கட்டளை வாங்குகிற குழுக்கள் கொடுப்பவரிடம் இதை நேராகச் சொல்லிவிடலாம். 1 லட்சந்தான் முடியும் என்றால் “40 பேருக்கு” என்று போடுங்கள், அல்லது எண்ணே போடாமல் பேரையும் தொகையையும் மட்டும் வெட்டச் சொல்லுங்கள். வாசகத்தை எழுதிக் கல்தச்சரிடம் கொடுப்பதற்கு முன்னால் கணக்குப்பிள்ளையிடம் ஒருதரம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கோயில் கணக்கு எழுதுவோர்,
ஈரோடு, திருப்பூர் மாவட்டங்கள்