டீக்கடைக்காரரின் புளிச்சோறும் ஒரு திரைக்கதையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிறுகதைத் திரைக்கதையை, அதாவது பழனிக்கு நடந்துபோகும் பக்தர்களுக்கு ஒவ்வொரு திருவிழாவிலும் சத்தமில்லாமல் சோறு போடும் டீக்கடைக்காரரின் கதையை, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து வாசித்தோம். நான் ஒட்டன்சத்திரத்துக்காரன், பாதயாத்திரைக் குழுக்களுக்குச் சமைத்துப் போடும் கூட்டத்தில் ஒருவன், கோயில் விழாவுக்கு நாடகமும் எழுதுகிறவன். அதனால் இந்தக் கதையை நான் இரண்டு பக்கமிருந்தும் பார்க்க வேண்டியதாகிவிட்டது. கதையின் மனசு நல்ல மனசு. ஆனால் அந்த மனிதர் சோறு போடும் விதத்தை எழுத்தாளர் அடுப்படிக்குள் போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கடைசியில் அந்த நீளமான பேச்சு தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திரைக்கதையில் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் கடைக்காரர் ஒரே மாதிரி வாழையிலை போட்டு, சாம்பார், கூட்டு, பாயசம் என்று ஆயிரம் பேருக்குப் பரிமாறுகிறார். ஒரு டீக்கடையில் இது நடக்காது. பாய்லர் ஒன்று, பால் காய்ச்சும் பெரிய அடுப்பு ஒன்று, இரண்டு பெஞ்சு, அவரும் ஒரு பையனும். அவ்வளவுதான் அந்தக் கடை. அதில் இலைச்சாப்பாடு போட வேண்டுமென்றால் காய் நறுக்கவே நாலு பேர் வேண்டும், அப்புறம் அது சத்தமில்லாத காரியமாகவே இருக்காது.

உண்மையில் இப்படிச் செய்கிறவர்கள் தேர்ந்தெடுப்பது புளிச்சோறு. காரணம் பக்தி மட்டும் இல்லை, வசதி. புளிக்காய்ச்சலை ஒரு வாரம் முன்பே, வியாபாரம் மந்தமாக இருக்கும் மதியத்தில், நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை கொதிக்கவிட்டு எடுத்து வைத்துக்கொள்ளலாம், கெடாது. வெங்காயம் பூண்டு இல்லாததால் விரதம் இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். திருவிழா அன்று இரவு சோறு மட்டும் வடித்தால் போதும். பத்து கிலோ அரிசிக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ புளி பிடிக்கும், ஏறக்குறைய நூறு பேருக்கு ஆளுக்கு ஒரு தொன்னை வரும். ஒரு தனி ஆள் ஓர் இரவில் தாங்கக்கூடியது அந்த நூறுதான். கதையில் 'ஆயிரம் பேர்' என்று வருகிற இடத்தை 'நூறு பேர்' என்று மாற்றினாலே அந்த மனிதர்மேல் நம்பிக்கை வந்துவிடும்.

எழுத்தாளர் தவறவிட்ட பெரிய விஷயம் அந்த ஒற்றை அடுப்பு. அதில் பத்து கிலோவை ஒரே தடவையில் வைக்க முடியாது, ஐந்து ஐந்தாக இரண்டு முறை வடிக்க வேண்டும். உலை கொதிக்கிற நேரம் முழுக்கப் பால் அடுப்பில் ஏற முடியாது, பால் இல்லாமல் டீ இல்லை. அதாவது, திருவிழாக் கூட்டத்தில் டீ வியாபாரம் சூடு பிடிக்கிற அதே இரவில்தான் இவர் தன் வியாபாரத்தை நிறுத்திவிட்டு உலை வைக்கிறார். அவர் கொடுப்பது அரிசியும் புளியும் மட்டும் இல்லை, அந்த நேரத்து வருமானமும் சேர்த்துத்தான். இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். ஒரு லாரி டிரைவர் வந்து டீ கேட்டு, 'அரைமணி ஆகும்ணே' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிப் போனால் பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும்.

வடித்த சோறு சம்பந்தமாகவும் ஒன்று. திரைக்கதையில் சாயந்திரமே சமைத்து அண்டாவில் குவித்து மூடிவைத்து நள்ளிரவில் பரிமாறுகிறார்கள். அப்படிச் செய்தால் நடுவில் இருக்கிற சோறு சூடு அடங்காமல் புழுங்கி முதலில் கெடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தால் பிசுபிசுவென்று நூல் விடும், அப்போது அண்டாவோடு கொட்டிவிட வேண்டியதுதான். நாளைக்கு மலையேற வேண்டியவருக்கு வயிறு கெட்டால் விரதமும் நடையும் வழியிலேயே நின்றுவிடும். அதனால் தெரிந்தவர்கள் வடித்த சோற்றை உடனே அகலமான தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெயும் மஞ்சள்தூளும் விட்டு ஆறவைத்து, அப்புறம்தான் புளிக்காய்ச்சல் சேர்த்துக் கிளறுவார்கள். இரண்டாவது ஐந்து கிலோவை முதல் பாத்திரம் பாதி காலியான பிறகே உலையில் போடுவார்கள். புளிப்பும் உப்பும் சோற்றைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். தேங்காய்ச் சோற்றுக்கு அந்தக் காவல் இல்லை.

திருவிழாவுக்குத் திருவிழா வித்தியாசமும் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர், பெரும்பாலும் வெறுங்கால் நடை. தைப்பூசம் வருவது பனிக்காலம். ராத்திரி இரண்டு மணிக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சுக்குமல்லிக் காப்பி வேண்டும், சூடாக ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். பங்குனி உத்திரம் வெயில். கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தக் காவடி எடுத்து வருகிற கூட்டம் அப்போதுதான் வரும், பகலில் தார்ச்சாலை காலைச் சுடும். அந்த நேரத்தில் சோறு நீட்டினால் பாதிப்பேர் வேண்டாம் என்பார்கள், உப்புப் போட்ட நீர்மோர்தான் இறங்கும். கடைக்கு முன்னால் ரோட்டில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி வைப்பதும் அன்றைக்கு அன்னதானத்துக்குச் சமம்தான். ஒரே ஆள், ஒரே கடை, இரண்டு திருவிழாவுக்கு இரண்டு விதமாக யோசிக்கிறார் என்று காட்டினால், வருகிறவர்களை இவர் எவ்வளவு கவனித்திருக்கிறார் என்பது தானாகத் தெரியும்.

இனி அந்தப் பேச்சு. கடைசிக் காட்சியில் கடைக்காரர் தன் கடைப் பையனிடம் ஒரு பக்கம் முழுக்கப் பேசுகிறார், தானம் என்றால் என்ன, விளம்பரம் ஏன் கூடாது என்றெல்லாம். சத்தமில்லாமல் கொடுக்கிற மனிதர் என்று முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு கடைசிப் பக்கத்தில் அவரையே அதைப் பற்றிப் பேசவைத்தால் அவர் சத்தமில்லாதவர் இல்லை. பக்கத்துப் பந்தலில் ஃபிளெக்ஸ் வைத்தவர்களை அவர் குத்திக்காட்டுவதும் எனக்கு வருத்தமாக இருந்தது. ஆயிரக்கணக்கான பேருக்குப் போடுகிற பந்தலுக்குப் பெயர்ப்பலகை வேண்டும், இங்கே சோறு இருக்கிறது என்று தூரத்திலிருந்து தெரிய வேண்டும், நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்கும் தெரிய வேண்டும். அவர்கள் வேலை வேறு, இவர் வேலை வேறு.

பையன் கற்றுக்கொள்வதுதான் கதை என்றால் அவன் கைக்கு வேலை கொடுங்கள். நான் எழுதியிருந்தால் அந்தக் காட்சி இப்படி இருக்கும்:

காட்சி 7. டீக்கடை முன்புறம். அதிகாலை 2 மணி.

(அடுப்பில் உலை. பால் சட்டி கீழே இறக்கி வைத்திருக்கிறது. பச்சை வேட்டியில் ஒரு பெரியவர், கூடவே அவர் மகள். காலில் துணிக்கட்டு.)

பெரியவர்: டீ இருக்கா சாமி?

கடைக்காரர்: பால் ஏத்த நேரமாகும் சாமி. சுக்குக் காப்பி இருக்கு. உட்காருங்க.

(பையன் இரண்டு தொன்னையில் சோறு எடுத்து வருகிறான். பெரியவர் மகளைப் பார்க்கிறார், மடியிலிருந்த காசை எண்ணுகிறார்.)

பெரியவர்: எங்களுக்கு ஒண்ணு போதும்ப்பா.

பையன்: (கல்லாப்பெட்டியைப் பார்த்தபடி) இல்லீங்க, இது வந்து...

கடைக்காரர்: (இடைமறித்து, பையனிடம்) டேய், சாமிக்குச் சுடுதண்ணி கொண்டா, காலக் கழுவட்டும்.

(பையன் போகிறான். திரும்பி வரும்போது பெரியவர் இரண்டு தொன்னைக்கும் காசு நீட்டிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் காப்பிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர் கையிலேயே வைக்கிறார்.)

கடைக்காரர்: காப்பிக்குச் சரியாப் போச்சு சாமி.

(அவர்கள் போனபிறகு இன்னொரு குழு வருகிறது. ஒருவர் பையனிடம் 'சோறு எவ்வளவு?' என்கிறார்.)

பையன்: (கொஞ்சம் யோசித்து) காப்பிக்கு மட்டும் குடுங்க சாமி.

இவ்வளவுதான். காப்பிக்குக் காசு வாங்குவதை நான் வேண்டுமென்றே வைத்தேன். முழுக்க இலவசம் என்றால் சிலர் கூச்சப்பட்டுச் சாப்பிடாமல் போய்விடுவார்கள், வீட்டில் வசதியாக இருந்து வேண்டுதலுக்காக நடக்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. கொஞ்சம் காசு கைமாறினால் அவர்கள் கடைக்கு வந்த வாடிக்கையாளர்களாகவே எழுந்து போகலாம். 'இது இலவசம்' என்று பையன் சொல்ல வந்ததைக் கடைக்காரர் தடுப்பதும் அதற்காகத்தான். பையனுக்கு அது அந்த நிமிடத்தில் புரியாது, இரண்டாவது குழு வரும்போது புரிந்துவிடுகிறது, அவனே செய்துவிடுகிறான்.

இன்னொரு சின்ன விஷயமும் எழுத்தாளருக்குச் சொல்லிவிடுங்கள். மூன்றாம் காட்சியில் கண்ணாடிப் பெட்டியில் முட்டை போண்டா அடுக்கியிருப்பதாக வருகிறது. இந்தப் பாதையில் விரதக்காரர்களுக்கு என்று சோறு போடுகிற கடைக்காரர் அந்த நாட்களில் முட்டையைக் கடைக்குள்ளேயே விடமாட்டார். அந்தப் பெட்டியைக் காலியாகக் காட்டினால் அதுவும் அவர் விட்டுக்கொடுத்த வியாபாரம்தான், வசனமே இல்லாமல் ஒரு காட்சி கிடைத்துவிடும்.

எழுத்தாளர் இதைத் திருத்தி எழுதுவதாக இருந்தால் தைப்பூசத்துக்கு முந்தின இதழிலேயே போடுங்கள். எங்கள் நாடகக்குழுப் பிள்ளைகள் அதை மேடையேற்ற ஆசைப்படுகிறார்கள், அவருடைய அனுமதியை உங்கள் மூலமாகவே கேட்கிறேன். அடுப்பு, குண்டான், தாம்பாளம் எல்லாம் எங்களிடம் இருக்கிறது, ஒத்திகை பார்க்க அவர் நேரில் வந்தால் உலை வைத்தே காட்டுகிறோம்.

அன்புடன்,
ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகர்