கவினின் வயிற்றைப் பற்றி என் மகளுக்கு

அன்புள்ள மலருக்கு,

கவின் வேண்டுமென்றே உள்ளாடையில் மலம் கழிப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் இந்த ஒன்றை முழுமையாக நம்பினால்தான் மற்றவற்றைப் பொறுமையாகச் செய்ய முடியும் என்பதால் இதை முதலில் எழுதுகிறேன். ஏழு வயதுப் பிள்ளை, வகுப்பில் நன்றாகப் படிக்கிறவன், தினமும் இரண்டு மூன்று முறை ஜட்டியைக் கறையாக்கிக்கொண்டு வந்து, கேட்டால் "எனக்குத் தெரியாது" என்று சொல்வதைக் கேட்க உங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவன் சொல்வது உண்மை. குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்த காலத்தில் இதே குறையோடு வந்த பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் இதே பதிலைத்தான் சொன்னார்கள்.

இது எப்படி உண்டாயிற்று என்று சொல்கிறேன். மூன்றரை வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்து, சரியாகச் சாப்பிடாமல் மலம் இறுகி, ஆசனவாயில் வெடிப்பு ஏற்பட்டு இரத்தம் கசிந்தது உனக்கு நினைவிருக்கும். வெளிக்குப் போனால் வலிக்கும் என்று அந்த வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் அடுத்த முறை உணர்வு வரும்போது அவன் அடக்கிக்கொள்வான். கதவுக்குப் பின்னால் போய்க் கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க உடலை விறைத்துக்கொள்வானே, அவன் முக்குகிறான் என்று நாம் எல்லோரும் நினைத்தோம். உண்மையில் அது மலம் வெளியே வராமல் இறுக்கிப் பிடிக்கும் நிலை. அடக்க அடக்கக் குடல் அந்த மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் அது மேலும் பெரிதாகவும் கெட்டியாகவும் ஆகும். அடுத்த முறை இன்னும் வலிக்கும். பிள்ளை இன்னும் அடக்குவான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு அங்குள்ள கழிப்பறையின் அசுத்தமும் ஆசிரியரிடம் அனுமதி கேட்கும் கூச்சமும் சேர்ந்து, காலையிலிருந்து மாலைவரை அடக்குவது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது.

இப்படிப் பல மாதங்கள் மலம் தங்கினால் மலக்குடல் விரிந்து தளர்ந்துபோகிறது. மலம் வந்து சேர்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லவேண்டிய உணர்வு, குடல் எப்போதும் நிறைந்தே இருப்பதால் மங்கிவிடுகிறது. உள்ளே இருக்கும் தசைவளையமும் தானாகத் தளர்ந்தே கிடக்கிறது. மேலிருந்து வரும் புதிய மலம் இளகலாக இருப்பதால், வாய்க்காலில் பாறை விழுந்தால் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி வழிவதுபோல, கெட்டிப்பட்ட கட்டியைச் சுற்றி வழிந்து ஜட்டியில் கசிகிறது. அது கசிவதை அவனால் உணர முடியாது, நிறுத்தவும் முடியாது. நாற்றமும் அவனுக்குத் தெரிவதில்லை. எப்போதும் உடன் இருக்கும் வாடையை மூக்கு சீக்கிரமே பழகிக்கொள்கிறது. ஆகவே "இந்த நாற்றம்கூடவா உனக்குத் தெரியவில்லை" என்ற கேள்வியை இனிமேல் வீட்டில் யாரும் அவனிடம் கேட்கவேண்டாம்.

கசிவது தண்ணீராக இருக்கிறதே, இது பேதியாயிற்றே என்று மாப்பிள்ளை கேட்டது நியாயமான சந்தேகம்தான். பலர் அப்படி எண்ணிப் பேதியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்து அடைப்பை இன்னும் மோசமாக்கிவிடுகிறார்கள். வேறுபாட்டை நீயே கண்டுகொள்ளலாம். பேதியில் பிள்ளைக்கு அவசரம் தெரியும், கழிப்பறைக்கு ஓடுவான், சில நாட்களில் அடங்கிவிடும். கவினுக்கோ அவசரமே தெரியாமல் சிறிது சிறிதாகக் கறை படுகிறது. நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை கழிப்பறையை அடைக்கும் அளவுக்குப் பருமனாக ஒன்று வருகிறது. அது வந்த பிறகு ஓரிரு நாட்கள் கறை குறைந்து, பசியும் நன்றாக எடுக்கிறது. இதோடு இரவில் படுக்கையில் சிறுநீர் போவதாகவும் சொன்னாய். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதாலும் அப்படி ஆகலாம் என்பதால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்.

குழந்தை மருத்துவரிடம் போகும்போது அவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். இடப்பக்கம் கீழே கட்டி தட்டுப்படலாம். பெரும்பாலும் அதுவும் நீ சொல்லும் விவரமுமே போதும். எக்ஸ்ரே எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. பிறந்து 48 மணி நேரத்துக்குள் கருமலம் போனதா என்று அவர் கேட்பார். கவினுக்கு மறுநாளே போனது, நான் அருகில் இருந்தேன். பச்சையாக வாந்தி, எடை குறைதல், வயிறு உப்பி இறுகுதல், கால்களில் பலமின்மை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இது வேறு நோயாக இருக்கலாம். அவனுக்கு இவை எதுவும் இல்லை என்றுதான் நீ சொன்னாய், எனினும் கவனித்துக்கொண்டே இரு.

சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் தேங்கிக் கிடப்பதை முழுதாக வெளியேற்றவேண்டும். இதற்கு இப்போது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். அது உடலில் அநேகமாக உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி, நீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறது. வழக்கமான அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, 3 முதல் 6 நாட்கள். கவின் 22 கிலோ என்றாய். அப்படியானால் நாளுக்கு 22 முதல் 33 கிராம் வரை வரும். சரியான அளவை மருத்துவர்தான் எழுதித் தரவேண்டும். ஆனால் இவ்வளவு தூளா என்று நீ அஞ்சிப் பாதியாகக் குறைத்துவிடக் கூடாது என்பதற்காகவே கணக்கை எழுதினேன். விடுமுறையில் தொடங்கு. அந்த நாட்களில் கறை குறைவதற்குப் பதிலாக மிகவும் அதிகமாகும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தாதே. கட்டிகள் எல்லாம் வந்து முடிந்து, கட்டியே இல்லாமல் தண்ணீராகப் போகும்போதுதான் குடல் காலியானது என்று பொருள். வாயால் கொடுத்தே இது நடக்குமென்றால் எனிமாவைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அந்த இடத்தைப் பற்றி ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளை அவன். உன் மாமியார் சொன்ன வெற்றிலைக் காம்பும் சோப்புத் துண்டும் அதே காரணத்தால் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிடு.

இரண்டாவது கட்டம்தான் நீளமானது; பெரும்பாலானோர் தவறிப்போவதும் இங்கேதான். குடல் காலியானதும் கறை நின்றுவிடும், எல்லாம் சரியாயிற்று என்று தோன்றும். ஆனால் விரிந்த குடல் சுருங்கித் தன் உணர்வைத் திரும்பப் பெறப் பல மாதங்கள் ஆகும். அதுவரை தினமும் ஒன்றிரண்டு முறை வலியில்லாமல் இளகலாகப் போகும்படி குறைந்த அளவில் அதே தூளைக் கொடுக்கவேண்டும். பொதுவாகக் கிலோவுக்கு 0.4 கிராமில், அதாவது அவனுக்கு நாளுக்கு 9 கிராம் அளவில் தொடங்கி, மலத்தைப் பார்த்துக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். குறைந்தது 2 மாதங்கள் கொடுக்கவேண்டும். எல்லாத் தொல்லையும் நின்று ஒரு மாதமாவது ஆன பிறகே, அதுவும் சிறிது சிறிதாகக் குறைக்கவேண்டும். இவ்வளவு நாட்களாக அடைந்திருந்த குடலுக்கு அந்த 2 மாதங்களைவிட அதிகக் காலம் தேவைப்படும் என்றே எண்ணிக்கொள். குடல் இந்த மருந்துக்கு அடிமையாகிவிடாது. நடுவில் மூன்று நாட்கள் போகாமல் மீண்டும் கறை தெரிந்தால், தண்ணீராக இருக்கிறதே என்று தூளை நிறுத்திவிடாமல், மறுபடியும் அடைக்கிறதோ என்று சந்தேகித்து மருத்துவரைக் கேள். கீரையும் பழமும் எப்போதும்போலக் கொடு. ஆனால் அடைத்துக் கிடக்கும் குடலை அவை மட்டும் திறக்கும் என்று நம்பி மருந்தைத் தள்ளிப்போடாதே.

காலையுணவுக்குப் பிறகும் இரவுணவுக்குப் பிறகும் அவனை 5 முதல் 10 நிமிடம் கழிப்பறையில் உட்காரச் சொல். வயிறு நிறைந்தவுடன் குடல் தானாக அசைவதால் அந்த நேரம் ஏற்றது. உங்கள் வீட்டு மேற்கத்திய கழிப்பறையில் அவன் கால்கள் தொங்குகின்றன. ஒரு முக்காலி போட்டுப் பாதங்களை ஊன்றவைத்தால் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, முக்குவது எளிதாகும். நேரம் முடிந்ததும், போனாலும் போகாவிட்டாலும் எழுந்து வரட்டும். காலண்டரில் நட்சத்திரம் ஒட்டுவதானால் உட்கார்ந்ததற்கு ஒட்டு. ஜட்டி சுத்தமாக இருந்ததற்கு ஒட்டாதே, ஏனெனில் உட்காருவது அவன் கையில் இருக்கிறது, கசிவு அவன் கையில் இல்லை.

கறை பட்டுவிட்டால் என்ன சொல்வது என்று கேட்டாய். குரலை உயர்த்தாமல், "ஜட்டி நனைந்திருக்கிறது கண்ணா, வா மாற்றிக்கொள்ளலாம்" என்பதே போதும். கழுவிக்கொள்ள உதவு, அழுக்கு ஜட்டியை வாளியில் போடும் வேலையை அவனே செய்யட்டும், அதைத் தண்டனையாக ஆக்காதே. அலமாரிக்குப் பின்னால் ஜட்டிகளை ஒளித்துவைக்கிறான் என்று மாப்பிள்ளை அடித்ததாகச் சொன்னாய். பிள்ளை ஒளிப்பது பயத்தினால். அடி அந்தப் பயத்தை வளர்க்கும், பயந்த பிள்ளை மேலும் இறுக்கி அடக்குவான், அடைப்பு கூடும். அதற்குப் பதிலாகக் குளியலறையில் மூடியுள்ள ஒரு வாளியை வைத்து, அதில் போட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டோம் என்று மாப்பிள்ளையே அவனிடம் சொல்லட்டும். அப்பா வாயால் கேட்டால்தான் அவன் நம்புவான். உறவினர்கள் முன்னாலும் தங்கையின் முன்னாலும் இந்தப் பேச்சே எடுக்கவேண்டாம்.

பள்ளி திறப்பதற்குள் வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, இது சிகிச்சையில் இருக்கும் உடல் குறை என்று சொல்லி, கை தூக்கி அனுமதி கேட்காமல் அவன் எழுந்து போகவும், முடிந்தால் ஆசிரியர்களின் கழிப்பறையைப் பயன்படுத்தவும் இசைவு வாங்கு. மாற்று ஜட்டி, கால்சட்டை, ஈரத்துணி, கட்டிப்போடும் பை ஆகியவற்றை வெளியே தெரியாத உறையில் அவன் பையில் வைத்துவிடு. மருத்துவர் எழுதிய அளவையும் அடுத்து வரச்சொன்ன தேதியையும் எனக்கு அனுப்பு. முதல் வாரத்தில் எத்தனை முறை, எப்படிப் போனது என்பதை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள், இருவரும் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா