முன்னூறா, எண்ணூறா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் ஒலி இதழில் பின்னணி இசையால் பேச்சே புரியவில்லை என்று எழுதிய வாசகருக்கு, "இயர்போன் போட்டுக் கேளுங்கள்" என்று பதில் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் அப்பா காதுக் கருவி வைத்திருப்பவர். அந்தக் கருவி பேச்சோடு சேர்த்து உங்கள் வயலினையும்தான் பெரிதாக்கிக் கொடுக்கிறது.

பஞ்சகவ்யா பற்றிய பகுதியில், பத்து லிட்டர் தண்ணீருக்கு முன்னூறு மில்லி என்று அந்த விவசாயி சொல்லும் இடத்தில் வயலின் ஏறிவிட்டது, அப்பா எண்ணூறு என்று எழுதி வைத்துக்கொண்டார். மூன்று சதவீதக் கரைசல் என்று எனக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தோம். மெய்யெழுத்துகளின் ஒலி இயல்பிலேயே மெலிந்தது, இசை முதலில் விழுங்குவது அதைத்தான் என்பது நீங்கள் அறியாததல்ல. "ன்னூறு" மட்டும் காதில் விழுந்தால் கேட்பவர் என்ன செய்வார்?

இது இன்று நேற்று வந்த குறை இல்லை. பாரம்பரிய நெல் பற்றி ஒரு பெரியவர் மெல்லிய குரலில் பேசியபோது புல்லாங்குழல். அப்புறம், ஒரு பேட்டியின் கீழே வரிகளோடு ஒரு பாட்டையே ஓடவிட்டீர்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதை யார் கேட்பது? அப்போது எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

நான் சமுதாய வானொலியில் ஒலித்தொகுப்பு செய்தவள், அதனால்தான் இவ்வளவு கோபம். இது பெரிய வேலையே இல்லை. Audacity என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இசைத் தடத்தை மேலேயும் பேச்சுத் தடத்தை அதற்கு நேர் கீழேயும் வைத்து, இசையைத் தேர்ந்தெடுத்து Auto Duck கொடுத்தால் பேச்சு வரும் இடங்களில் இசை தானாக இறங்கிவிடும். மாற்றாமல் விட்டால் அது இசையை இறக்குவது 12 டெசிபல்தான், பேச்சும் இசையும் ஒரே உரத்தில் இருந்தால் அது போதாது. பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்று இணைய அணுகல்தன்மை விதிகளே சொல்கின்றன, காதுக்கு அது சுமார் நான்கில் ஒரு பங்கு சத்தம். இன்னொன்று, Maximum pause அளவைக் குறைவாக வைத்தால் பேசுபவர் மூச்சு விடும்போதெல்லாம் இசை எகிறி எகிறி விழும், அதனால் பேசுபவரின் நிதானத்தைப் பார்த்து அதைக் கூட்டி வையுங்கள். முடித்ததும், எழுத்துப் பிரதியைப் படித்திராத ஒருவரிடம் போன் ஸ்பீக்கரில் சத்தம் குறைத்துப் போட்டுக் காட்டுங்கள். தொகுத்தவருக்கு வசனம் மனப்பாடம், அவர் காதுக்கு எல்லாமே தெளிவாகத்தான் கேட்கும்.

பஞ்சகவ்யா பகுதியை மட்டுமாவது இசையைத் தாழ்த்தி மறுபடி வெளியிடுங்கள், முன்னூறு மில்லி என்பதை எழுத்திலும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி